இன்டர்வியூ அழைப்புக்குப் பதில் வரவில்லை: போன் செய்வதா, மெசேஜ் அனுப்புவதா, விட்டுவிடுவதா?

கடலூர் சிப்காட்டில் உள்ள ஒரு மருந்து மூலப்பொருள் ஆலைக்கு ஆள் எடுப்பது என் வேலை. சில மாதங்களுக்கு முன் மருந்தின் தரத்தைச் சோதிக்கும் எங்கள் க்யூசி லேபுக்கு ஒரு கெமிஸ்ட் தேவைப்பட்டார். வந்த விண்ணப்பங்களில் லேப் பொறுப்பாளருக்கு மிகவும் பிடித்துப் போனது ஒரு பெண்ணுடையது. எம்.எஸ்சி. வேதியியல், புதுச்சேரி சேதராப்பட்டில் மாத்திரை தயாரிக்கும் ஒரு கம்பெனியில் இரண்டரை வருட அனுபவம், மருந்தில் கலந்திருப்பதைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியைத் தனியாகக் கையாளத் தெரிந்தவர், வீடு பாகூர் பக்கம். வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு அழைப்பு மெயில் அனுப்பினேன். அடுத்த புதன்கிழமை காலை 10.30-க்கு இன்டர்வியூ. சனிக்கிழமை காலை வரை ஒரு வரி பதில் இல்லை.

இந்த இடத்தில் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எடைபோடப் போகிறேன். எனக்கு இருந்த கால அளவு குறைவு. சென்னையிலிருந்து எங்கள் தரப் பிரிவுத் தலைவர் புதன்கிழமை மட்டும்தான் வருவார். இவர் வரவில்லை என்றால் பட்டியலில் இரண்டாவதாக இருந்தவரைக் கூப்பிட வேண்டும். அவரும் எங்கேயோ வேலையில் இருப்பவர்தான், லீவு சொல்ல ஒரு நாளாவது வேண்டும். ஆக, திங்கள் மாலைக்குள் எனக்கு ஒரு பதில் தேவை. ‘வருகிறேன்’ என்றாலும் சரி, ‘வேண்டாம்’ என்றாலும் சரி.

சும்மா காத்திருப்பதை முதலிலேயே தள்ளிவிடலாம். “வேலை வேண்டும் என்றால் அவரே பதில் சொல்லமாட்டாரா?” என்று கேட்பவர்கள் எங்கள் துறையில் நிறைய. ஆனால் அந்த மெயில் வேலைவாய்ப்பு இணையதளத்தின் வழியாகப் போனது. அப்படிப் போகும் மெயில்கள் ஜிமெயிலில் புரமோஷன்ஸ் பக்கத்திலோ ஸ்பாமிலோ விழுவது சாதாரணம். ஒரே ஒரு வழியில் அனுப்பிவிட்டு, அந்த வழியில் பதில் வரவில்லை என்பதை அவருடைய மௌனம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது வழியிலும் தொட்டுப் பார்த்த பிறகுதான் அதை மௌனம் என்று சொல்ல முடியும்.

அப்படியானால் உடனே போன் செய்துவிடலாமே? பலரும் செய்வது அதுதான், நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். போனில் பதில் அந்த நிமிடமே கிடைக்கும். குரலை வைத்து ஆளையும் ஓரளவு கணிக்கலாம். அதோடு, 04142 என்று ஆரம்பிக்கும் ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டால், நம்ம ஊர் எண் என்று தெரிந்து எடுக்கவும் செய்வார்கள்.

ஆனால் வேலையில் இருப்பவருக்குப் போன் செய்வதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. மருந்து, ரசாயன ஆலைகளில் லேபுக்குள்ளும் பிளான்ட்டுக்குள்ளும் பெரும்பாலும் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் 3 மிஸ்டு கால் இருக்கும். தெரியாத எண், யார் என்று புரியாது. திருப்பிக் கூப்பிடும் நேரத்தில் எங்கள் ஆபீஸ் மூடியிருக்கும். தப்பித்தவறி வேலை நேரத்தில் எடுத்துவிட்டாலோ, பக்கத்திலேயே சூப்பர்வைசர் நிற்பார். “சரிங்க, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுவார். அந்த ‘அப்புறம்’ பல நேரம் வருவதே இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், போனில் வரும் பொய்யான ‘சரி’. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முகம் தெரியாத ஒரு மேடத்திடம் “எனக்கு வேண்டாம்” என்று வாய்விட்டுச் சொல்ல அவ்வளவு கூச்சம். “கண்டிப்பா வர்றேன் மேடம்” என்பதுதான் அந்தப் பேச்சை முடிக்கச் சுலபமான வழி. புதன்கிழமை 10.30-க்கு நாற்காலி காலியாக இருக்கும், போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும். அவர்கள் ஏமாற்ற நினைத்துச் சொல்வதில்லை. யோசிக்க நேரம் கொடுக்காமல் கேட்டோம், கேட்டவருக்குப் பிடித்த பதிலைச் சொன்னார்கள்.

உண்மையான ‘சரி’யை அடையாளம் காண நான் நம்பும் குறி ஒன்று இருக்கிறது. வர நினைப்பவர் ஏதாவது கேட்பார். “எந்த ஸ்டாப்பில் இறங்கணும்?”, “எவ்வளவு நேரம் ஆகும்?”, “ஜெராக்ஸ் எத்தனை செட்?” என்று ஒரு கேள்வியாவது வரும். கேள்வியே இல்லாமல் மூன்று முறை ‘ஓகே மேடம்’ வந்தால், இரண்டாவது ஆளையும் தயாராக வைத்துக்கொள்வேன்.

சரி, போனை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் எழுதுவோம். என்ன எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் ஆபீஸில் முன்பு வைத்திருந்த வாசகம் ஏறத்தாழ இப்படி இருந்தது, அதுவும் ஆங்கிலத்தில்:

“வணக்கம். இன்டர்வியூ அழைப்புக்கு இதுவரை நீங்கள் பதில் அளிக்கவில்லை. இந்தப் பணியில் உங்களுக்கு இன்னும் ஆர்வம் உள்ளதா என்பதை உடனே தெரிவிக்கவும்.”

மரியாதைக் குறைவு எதுவும் இல்லாதது போலத்தான் தெரியும். ஆனால் வாங்குபவர் இடத்தில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். முதல் வரியே குற்றச்சாட்டு. பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஏன் தாமதம் என்று காரணம் சொல்ல வேண்டும். அடுத்தது, ஆர்வம் இருக்கிறதா என்ற கேள்வி. அவருக்கு ஆர்வம் இருக்கலாம், ஆனால் அந்தத் தேதியில் வர முடியாமல் இருக்கலாம். சம்பளம் தெரியாததால் யோசிக்கலாம். வேறு இடத்தில் ஆஃபர் வருமா என்று இன்னும் ஒரு வாரம் பார்க்க நினைக்கலாம். இந்த நிலைகள் எதற்கும் ‘உள்ளது’, ‘இல்லை’ என்ற பதில் பொருந்தாது. ‘உள்ளது’ என்றால் புதன்கிழமை வந்தாக வேண்டும், ‘இல்லை’ என்றால் வேலையே போச்சு. இரண்டையும் சொல்லாமல் இருப்பதுதான் அவருக்குப் பத்திரம்.

மொழி இன்னொரு தடை. ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் எழுத வேண்டும் என்று நினைப்பார்கள். பிழையில்லாமல் எழுத வேண்டுமே, இதை வைத்தே மார்க் போட்டுவிடுவார்களோ என்று தயங்கி, ராத்திரி நிதானமாக எழுதலாம் என்று தள்ளிவைப்பார்கள். ஒரு நாள் தள்ளினால் தாமதத்துக்கு விளக்கம் சேர்க்க வேண்டும். இரண்டு நாள் ஆனால் எழுதவே வெட்கம். நான் பேசிப் பார்த்தவர்களில் பலருடைய மௌனம் இப்படித்தான் நீண்டிருக்கிறது. வேலை வேண்டாம் என்று முடிவு செய்து பேசாமல் இருந்தவர்கள் நான் நினைத்ததைவிடக் குறைவு. அழைப்பு மெயில் கம்பெனி வழக்கப்படி ஆங்கிலத்திலேயே போகட்டும். விசாரித்து அனுப்பும் மெசேஜ் தமிழில் இருந்தால் பதில் வருவதற்கு உள்ள தடை பாதியாகக் குறைகிறது.

இந்த வேலைக்காக அந்தப் பெண்ணுக்கு நான் அனுப்பியதை அப்படியே தருகிறேன். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

“வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன்.
நீங்கள் விண்ணப்பித்த க்யூசி கெமிஸ்ட் வேலை சம்பந்தமாக வியாழன் மாலை ஒரு மெயில் அனுப்பியிருந்தேன். ஸ்பாமில் போயிருக்கலாம், அதனால் இங்கேயும் சொல்கிறேன். இன்டர்வியூ புதன் காலை 10.30, சிப்காட்டில் எங்கள் ஆலையில். லேப் டெஸ்ட்டும் சேர்த்து மதியம் 1 மணி ஆகும்.
1 – வருகிறேன்
2 – வர விருப்பம், ஆனால் இந்த நாளோ நேரமோ ஒத்துவராது
3 – இப்போதைக்கு வேண்டாம்
எண்ணை மட்டும் அனுப்பினால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. திங்கள் மாலை 5 மணி வரை இந்த நேரத்தை உங்களுக்காக வைத்திருக்கிறேன். எந்தக் கட்டத்திலும் நாங்கள் பணம் கேட்க மாட்டோம். சந்தேகம் இருந்தால் மெயிலில் உள்ள ஆபீஸ் எண்ணுக்குக் கூப்பிட்டுச் சரிபார்க்கலாம்.”

முந்தைய வாசகத்தைவிட இது நாலைந்து மடங்கு நீளம். ஆனால் பதில் சொல்ல ஒரே ஒரு எண் போதும். எங்கள் பக்கம் நீளமாகவும் அவர் பக்கம் சின்னதாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

முதல் வரியில் ‘இன்டர்வியூ’ என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தேன். வாட்ஸ்அப் மெசேஜின் முதல் சில வார்த்தைகள் பூட்டிய திரையிலேயே தெரியும். கேன்டீன் மேசையில் போன் கிடக்கும்போது பக்கத்தில் இருப்பவர் கண்ணில் அது பட்டால், வேலை மாறப் பார்க்கிறார் என்ற பேச்சு ஷிஃப்ட் முடிவதற்குள் பரவிவிடும். ஸ்பாம் பற்றிய வரி, அவர் மெயிலைப் பார்த்திருந்தாலும் பார்க்காததுபோல் கௌரவமாகப் பதில் சொல்ல இடம் கொடுக்கிறது. அது நூற்றுக்கு நூறு நேர்மையான வரிதான், மெயில் எங்கே விழுந்தது என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. பணம் கேட்கமாட்டோம் என்பதைச் சேர்க்கக் காரணம், வேலை வாங்கித் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வரும் மோசடிகள். தெரியாத எண்ணிலிருந்து வேலை பற்றி மெசேஜ் வந்தால் பிளாக் பண்ணு என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள், அது சரியும்கூட.

இரண்டாவது தேர்வுதான் இந்த மெசேஜின் உயிர். தேதியை மாற்றிக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. கம்பெனி சொன்ன நாள் என்றால் அது பரீட்சை தேதி மாதிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது தேர்வும் அதே அளவு வேண்டும். வேண்டாம் என்பதைக் கூச்சமில்லாமல் சொல்ல வழி கொடுத்தால், என்னுடைய இரண்டு நாள் மிச்சமாகும். அதில் ‘இப்போதைக்கு’ என்ற சொல் முக்கியம். அது இருந்தால் சொல்பவருக்கும் கதவைச் சாத்திய உணர்வு வராது.

இதில் ஒரு குறை உண்டு. இரண்டாவது தேர்வைக் கொடுத்தால் அதைக் காப்பாற்ற வேண்டும். மாற்று நாள் கொடுக்க முடியாத இடத்தில் இதை எழுதக் கூடாது. முன்பு ஒருமுறை ஐந்து பேரை ஒரே நாளில் முடிக்க வேண்டிய சூழலில் இதே மாதிரி அனுப்பி, மூவர் ‘2’ என்று சொல்லி, அவர்களுக்குத் தர நாளே இல்லாமல் நான் திண்டாடியிருக்கிறேன். அந்த மூவருக்கும் நாங்கள் வாக்குத் தவறியவர்களாகிவிட்டோம்.

கெடு வைத்து முடிக்கும் மெசேஜையும் சிலர் முதலிலேயே அனுப்புகிறார்கள். “இன்று மாலைக்குள் பதில் இல்லையேல் உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்” என்ற மாதிரி. இதற்குப் பதில் வேகமாக வரும் என்பது உண்மை. ஆனால் பதில் சொல்பவர் பெரும்பாலும் வேலை இல்லாமல் இருப்பவர். கையில் ஒரு வேலையோடு, இதுவும் பார்க்கலாமே என்று விண்ணப்பித்தவர் இந்த வரியைப் பார்த்ததும் விலகிவிடுவார். எனக்குத் தேவைப்பட்டவர் அப்படிப்பட்டவர்தான். கெடு வைக்கலாம், ஆனால் அது அவர் தலைமேல் வைக்கும் கெடுவாக இல்லாமல், எதற்காக அந்த நேரம் என்று சொல்லும் கெடுவாக இருக்கட்டும். நான் எழுதிய ‘திங்கள் மாலை 5 மணி’ நிஜமான கணக்கு. அது தாண்டினால் அந்த நேரத்தை அடுத்தவருக்குக் கொடுத்தே தீர வேண்டும். சும்மா பயமுறுத்த ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டு, தாண்டிய பிறகும் கெஞ்சினால் நம் வார்த்தைக்கு மதிப்பில்லை.

அப்புறம் ஒரு வழி இருக்கிறது, அதை நான் செய்யவே மாட்டேன். தெரிந்தவர் மூலம் விசாரிப்பது. “உங்க ஃபிரெண்டு ஏன் பதில் சொல்லலை, கொஞ்சம் கேளுங்களேன்” என்று கேட்பது மிகச் சுலபம், பதிலும் பத்து நிமிடத்தில் வரும். ஆனால் கடலூர், புதுச்சேரி மருந்துக் கம்பெனிகளில் ஒருவருக்கு ஒருவர் தெரியாதவர்கள் குறைவு. ஒரே கல்லூரி, ஒரே பஸ், ஒரே வாட்ஸ்அப் குரூப். அவர் வேலை தேடுகிறார் என்ற செய்தி இப்போதைய மேனேஜரிடம் போய்விட்டால், நாங்கள் எடுக்காமல் போனாலும் அவர் அங்கே நிம்மதியாக இருக்க முடியாது. அவ்வளவு பெரிய விலையை என் அவசரத்துக்காக அவர் கொடுக்கக் கூடாது.

இப்போது அந்தப் பெண்ணிடம் வருவோம். சனிக்கிழமை காலை 11 மணிக்கு மெசேஜ் அனுப்பினேன். உடனே இரட்டை டிக் வந்தது, நீலமாகவில்லை. நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள் நிறைய, அதனால் அதைப் பார்த்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. ஒற்றை டிக்கிலேயே ஒரு நாள் நின்றால் மட்டும் எண் மாறியிருக்கலாம் என்று போன் செய்து பார்ப்பேன். இரவு 10.50-க்குப் பதில் வந்தது. ‘2’. வேறு எதுவும் இல்லை.

எனக்கு அந்த ஒரு எண்ணில் நிறைய விஷயம் கிடைத்துவிட்டது. ஆர்வம் இருக்கிறது. பதில் வந்த நேரத்தைப் பார்த்தால் மதியம் 2-லிருந்து இரவு 10 வரையிலான பி ஷிஃப்ட். அந்த ஷிஃப்டில் இருப்பவர் 10.30 இன்டர்வியூவை முடித்துக்கொண்டு மதியம் 1 மணிக்குக் கடலூர் சிப்காட்டிலிருந்து கிளம்பினால், பழைய நகரம், மஞ்சக்குப்பம், புதுச்சேரி என்று எல்லாவற்றையும் கடந்து 2 மணிக்குச் சேதராப்பட்டில் இருக்கவே முடியாது. பஸ் மாறிப் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் நேரம் காலியாக இருக்கும், வேலையில் இருப்பவருக்கு வசதி என்று நினைத்துத்தான் நான் 10.30 வைத்திருந்தேன். அது எவ்வளவு தப்பான நேரம் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஞாயிறு காலை, “எந்த நாள், எந்த நேரம் உங்களுக்குச் சரிப்படும்?” என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பதில் நீளமாகவே வந்தது. இந்த வாரமும் பி ஷிஃப்ட்தான், அடுத்த வாரம் ஏ ஷிஃப்ட், 2 மணிக்கு முடிந்துவிடும், 4 மணிக்கு மேல் என்றால் வரமுடியும் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: “மேடம், ஒரிஜினல் சர்டிபிகேட் கம்பெனியில் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஜெராக்ஸ் மட்டும் கொண்டு வந்தால் உள்ளே விடுவீர்களா?”

மௌனத்துக்கான நிஜக் காரணம் இதுதான் என்று எனக்குப் பட்டது. எங்கள் அழைப்பு மெயிலின் கடைசி வரியில், எல்லா ஒரிஜினல் சான்றிதழ்களையும் தவறாமல் கொண்டுவர வேண்டும் என்று ஆங்கிலத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனிகள் இருப்பது எனக்குத் தெரியாததில்லை. அதைக் கேட்டு வாங்கப் போனால் ஏன் என்று கேட்பார்கள், வேலை மாறுவது தெரிந்துவிடும். இந்த வரியைப் படித்து எத்தனை பேர் பேசாமல் இருந்துவிட்டார்களோ. நான் போன் செய்திருந்தால் “வர்றேன் மேடம்” என்று சொல்லியிருப்பார், சான்றிதழ் பற்றிக் கேட்கத் தைரியம் வந்திருக்காது, புதன்கிழமை வந்திருக்கவும் மாட்டார்.

அடுத்த வாரம் வியாழன் மாலை 4.30-க்கு மாற்றினேன். தரப் பிரிவுத் தலைவர் சென்னையிலிருந்தே வீடியோவில் பேசினார். எச்.பி.எல்.சி. டெஸ்ட்டை லேப் பொறுப்பாளர் நேரில் பார்த்துக்கொண்டார். புதன்கிழமை நேரத்தைத் திங்கள் காலையே இரண்டாவது ஆளுக்குக் கொடுத்துவிட்டதால் அவரும் வந்தார்.

எல்லா இடத்திலும் இந்த வரிசைதான் சரி என்று நான் சொல்லவில்லை. இன்டர்வியூ நாளைக்கே என்றால் மெசேஜ் அனுப்பிவிட்டுக் காத்திருக்க நேரம் கிடையாது, போன்தான். ஐ.டி.ஐ. முடித்து ஆபரேட்டர் வேலைக்கு வரும் பையன்களுக்கும் போன்தான். விண்ணப்பத்தில் கொடுத்திருப்பது பல நேரம் அப்பாவின் எண்ணாக இருக்கும், அவரிடமே பேசினால் மறுநாள் பையனை அழைத்துக்கொண்டு வந்து நிற்பார். பத்துப் பதினைந்து வருட அனுபவம் உள்ள மேனேஜர்களிடம் 1, 2, 3 என்று கேட்பது மரியாதையாகப் படாது. அவர்களுக்கு மாலை 7 மணிக்கு மேல், “பேச வசதியான நேரம் சொல்லுங்கள்” என்று ஒரு வரி அனுப்பிவிட்டுக் கூப்பிடுவேன்.

திங்கள் 5 மணி தாண்டியும் எதுவும் வராதவர்களுக்கு நான் அனுப்பும் கடைசி மெசேஜ் இது: “வணக்கம். புதன்கிழமை நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். இதனால் உங்கள் மேல் எந்தக் குறையும் பதிவாகாது. இந்த மாதிரி வேலை அடுத்து வரும்போது சொல்லலாமா? வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்று அனுப்புங்கள், உங்கள் விவரத்தை எடுத்துவிடுகிறேன்.” அதற்குப் பிறகு ஒரு முறையும் தொந்தரவு செய்வதில்லை. இதற்குச் சிலர் அன்றிரவே “மன்னிக்கவும் மேடம், வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன்” என்று எழுதுவார்கள். நேரம் கைவிட்டுப் போனது என்று தெரிந்த பிறகு அவர்களுக்குச் சொல்ல எளிதாக இருக்கிறது போல.

அந்த வாரமே அழைப்பு மெயிலின் வாசகத்தை மாற்றினேன். தடித்த எழுத்தில் இருந்த கடைசி வரி போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது இரண்டு தமிழ் வாக்கியங்கள் இருக்கின்றன: “ஜெராக்ஸ் போதும். நேரம் ஒத்துவரவில்லை என்றால் வேறு நேரம் கேளுங்கள்.”